திருப்பினால் வேறு சொல்: சாவியிலிருந்து விசா வரை

விகடகவி எல்லாருக்கும் தெரியும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே சொல். நான் தேடியது அதுவல்ல. திருப்பிப் படித்தால் வேறொரு சொல்லாக மாறும் சொற்கள்தான் எனக்கு வேண்டியிருந்தன. ‘சாவி’யைத் திருப்பினால் ‘விசா’ வருகிறதே, அதுபோல.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாட்டன் காலத்திலிருந்து இருந்துவிட்டு, இப்போது தாமானுக்குக் குடிவந்த வீட்டுப் பிள்ளைகள். எழுத்துக்கு ஒரு மணிலா அட்டை என்று ஒரு விளையாட்டு வைக்கலாம் என்று தோன்றியது. அட்டையை வலமிருந்து இடமாக அடுக்கினால் புதுச் சொல் வரவேண்டும். இந்த விளையாட்டுக்குச் சொற்களைத் திரட்டப் போய், தமிழ் எழுத்தமைப்பைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே பதிகிறேன்.

மலாய்மொழியில் இது சுலபம். ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிட்டான்: “சார், அம்மாவைத் திருப்பினா கிழங்கு!” கணினியில் தட்டினால் ஒரு வரியில் வந்துவிடும்.

```python
'ibu'[::-1]     # 'ubi'
'malas'[::-1]   # 'salam'
```

முதலாவது அம்மாவும் கிழங்கும். இரண்டாவது சோம்பலும் சலாமும். ரூமி எழுத்தில் உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்துகள், எனவே வரிசையை அப்படியே கவிழ்த்தால் போதும். இதே கட்டளையைத் தமிழ்ச் சொல்லுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

```python
'விசா'[::-1]    # 'ாசிவ'
```

முன்னால் துணைக்கால் மட்டும் தனியாக நிற்கிறது, சில திரைகளில் அதற்கு ஒரு புள்ளிவட்டமும் சேர்ந்துகொள்ளும். காரணம், ஒருங்குறியில் ‘வி’ என்பது ஒரே குறியீடு அல்ல. ‘வ’ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. ‘சா’வும் அப்படியே ‘ச’, பிறகு துணைக்கால். நான்கு குறியீடுகளையும் கவிழ்க்கும்போது கொக்கியும் காலும் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடுகின்றன. ஆகவே முதல் வேலை, சொல்லை நாம் எண்ணும் எழுத்துகளாகப் பிரிப்பது.

```python
import re, unicodedata
EZH = re.compile('[\u0B85-\u0BB9][\u0BBE-\u0BCD]?')

def split(w):
    return EZH.findall(unicodedata.normalize('NFC', w))

def flip(w):
    return ''.join(reversed(split(w)))
```

ஓர் எழுத்து, அதன் பின்னால் இருந்தால் ஒரு குறியோ புள்ளியோ. இவ்வளவுதான் அந்த இரண்டாம் வரி சொல்வது. இப்போது `flip('விசா')` சரியாக ‘சாவி’ தரும். `NFC` என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ‘கொ’ என்பதைச் சில கோப்புகளில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக வைத்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதைச் சேர்க்காமல் பிரித்தால் கால் சத்தமில்லாமல் உதிர்ந்து ‘கொ’ ‘கெ’ ஆகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிரித்த எழுத்துகளை மறுபடி ஒட்டினால் மூலச் சொல் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். வராத சொற்களைத் தனியே ஒதுக்கிக் கண்ணால் பாருங்கள். ‘கௌ’ என்பதற்குப் பதிலாக ‘கெ’யும் ‘ள’வும் தட்டிய சொற்களை மட்டும் இந்தச் சோதனையும் பிடிக்காது, அவற்றை வாசித்துத்தான் பிடிக்க வேண்டும்.

சொற்பட்டியலுக்குத் தமிழ் விக்சனரியின் தலைப்புக் கோப்பை எடுத்துக்கொண்டேன். `dumps.wikimedia.org` தளத்தில் `tawiktionary-latest-all-titles-in-ns0.gz` என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் ஆங்கிலச் சொற்களும் ஏராளம், இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடர்களும் உண்டு. முழுக்கத் தமிழ் எழுத்தால் ஆன ஒற்றைச் சொற்களை மட்டும் வடித்து `words` என்ற தொகுப்பில் வைத்தேன். அப்புறம் தேடல் இதுதான்.

```python
for w in sorted(words):
    f = flip(w)
    if w < f and f in words:
        print(w, f)
```

`w < f` என்பது இரண்டு வேலை செய்கிறது. ஒரு ஜோடி இரண்டு முறை அச்சாகாமல் தடுக்கிறது. விகடகவி, குடகு, தாத்தா போன்ற மாலைமாற்றுச் சொற்களில் இரண்டும் சமமாகிவிடுவதால் அவையும் தாமாகவே விலகிவிடும்.

வந்த பட்டியல் மெலிந்திருந்தது. அவ்வளவு பெரிய சொற்கோப்புக்கு இவ்வளவுதானா என்று பார்த்தபோதுதான் இலக்கணம் கைகொடுத்தது. பவணந்தி முனிவரின் நன்னூல், சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகள் 22 என்கிறது. பன்னிரண்டு உயிர், அப்புறம் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து வரிசை. சொல்லின் கடைசி எழுத்துக்கும் தனி விதி உண்டு. திருப்பும்போது கடைசி முதலாகிறது, முதல் கடைசியாகிறது. ஆகவே நம் சொல் இரண்டு விதிக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டாக வேண்டும்.

இதை வைத்துக் கையாலேயே வடிகட்டலாம். புள்ளி எழுத்தில் முடியும் சொல் எதுவும் தேறாது, ஏனென்றால் புள்ளி எழுத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை. மரம், வீடுகள், மயில், நாய், தோட்டம் எல்லாம் போச்சு. தமிழ்ப் பெயர்ச்சொற்களில் பெரும்பங்கு இந்த ஒரே விதியில் கழிந்துவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லும் வேண்டாம். அம்மாவைத் திருப்பினால் கடைசியில் ஒரு தனி ‘அ’ தொங்கும். கிளி, நரி, யானை, வாழை போன்றவை ளி, ரி, னை, ழை என்று முடிகின்றன. அந்த எழுத்துகள் தமிழில் முதலில் நிற்காது. கொ, செ, பெ என்று எகர ஒகரக் குறிலோடு தொடங்குபவையும் விழும். அந்த ஓசையில் முடியும் சொல் நம்மிடம் கிடையாது. அதனால்தான் ‘பெருகு’வும் ‘செருகு’வும் எவ்வளவு ஆசைகாட்டினாலும் திரும்பாது.

நடுவில் இருக்கும் இரட்டை மெய்யும் ஒரு பெரிய தடை. ‘பக்க’ என்பதைத் திருப்பினால் ‘கக்ப’. நன்னூல் கணக்கில் க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் எழுத்தோடு மட்டுமே சேரும், க்-க்குப் பின்னால் ப வராது. ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. சொல்லின் முதல் எழுத்தும் அதே வரிசையாக இருந்துவிட்டால் இரட்டை மெய் தப்பித்துக்கொள்ளும். அந்தச் சந்தில் நுழைந்து வந்த ஒன்றைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது: தத்தை. த, த், தை. திருப்பினால் தை, த், த. ‘தைத்த’! கிளியைக் குறிக்கும் சொல்லுக்குள் ‘தைத்த சட்டை’யில் உள்ள ‘தைத்த’ ஒளிந்திருக்கிறது. புள்ளி எழுத்து நடுவில் அசையாமல் நிற்க, இரு பக்கமும் இடம் மாறுகின்றன.

மூன்றெழுத்துச் சொல்தான் இந்த வேட்டைக்கு நல்ல காடு. முதலில் நிற்க முடியாத ர, ல, ழ வரிசைகள் நடுவில் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். இரு முனைக்கும் எப்படிப்பட்ட எழுத்து வேண்டும்? வினைச்சொற்கள் விடை தருகின்றன. ஏவல் வினைகள் பல ‘கு’விலும் ‘து’விலும் முடிகின்றன. எச்சங்கள் பல ‘கி’, ‘வி’, ‘தி’ என்று முடிகின்றன. இவை எல்லாமே சொல்லுக்கு முதலிலும் நிற்கக்கூடிய எழுத்துகள். ஆக ‘கு-ரு-தி’, ‘வி-ரு-து’ போன்ற அச்சில் வார்த்த சொற்களை இரு பக்கமிருந்தும் பார்த்தால் சொல்லாகும் வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் அகராதித் தலைப்பின் குறை தெரிந்தது. அகராதியில் ‘விலகு’ இருக்கும், ‘குலவு’ இருக்கும். ‘குலவி’ என்ற எச்சம் தனித் தலைப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வேண்டியது அதுதான். கு, ல, வி. திருப்பினால் வி, ல, கு. நெருங்கிக் கொஞ்சிப் பழகுவது குலவுதல். அதைத் திருப்பிப் போட்டால் விலகு என்கிறது! பொருளும் சேர்ந்தே திரும்பும் இந்த மாதிரி ஜோடி அபூர்வம்.

ஆகவே சொற்கோப்பில் உகரத்தில் முடியும் சொற்களுக்கு மட்டும், கடைசி உகரத்தை இகரமாகவும் அகரமாகவும் மாற்றிய வடிவங்களைச் சேர்த்தேன்.

```python
extra = set()
for w in words:
    if w.endswith('ு'):
        extra.add(w[:-1] + 'ி')
        extra.add(w[:-1])
words |= extra
```

உகரக் குறியை வெட்டினாலே அகரம் ஏறிய எழுத்து மிஞ்சுவதால் மூன்றாம் வகைக்குத் தனி எழுத்து வேண்டியதில்லை. விலகு, விலகி, விலக மூன்றும் கிடைத்துவிடும். இது கண்மூடித்தனமான விதிதான். வினையல்லாத சொற்களுக்கும் வடிவம் செய்யும். ‘காது’ என்ற பெயரிலிருந்து ‘காதி’யும் ‘காத’வும் பிறக்கும். அதனால் கணினி கொடுக்கும் ஜோடிகளை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஏற்றேன்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தவற்றில் எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். திருகு, குருதி. திருகி, கிருதி. கருத, தருக. முழுகு, குழுமு, தண்ணீருக்குள் போவதும் ஒன்றுகூடுவதும். விருதும் துருவியும். பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வகுப்புக்கு வரும் பாட்டி ஒருவர், ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர், கரும்பலகையில் ‘விருது’வைப் பார்த்துவிட்டு எனக்கு முன்பே விடையைச் சொன்னார்: “ஏன் தம்பி, நம்ம தேங்காத் துருவிதானே?” எச்சமாக மட்டும் எழுதி வைத்திருந்த எனக்கு, அது பொருளாகவும் அடுப்படியில் இருக்கிறது என்பதை அவர்தான் கொண்டுவந்து வைத்தார். அட்டையில் இப்போது அந்தப் பொருள்தான் முதலில் இருக்கிறது.

இரண்டெழுத்தில் நிறைய வருகின்றன, ஆனால் எல்லாம் ஒரே தரம் அல்ல. கைதியும் திகையும் நல்ல ஜோடி. மிதியைத் திருப்பினால் திமி. பெருமீன் ஒன்றின் பெயராக அகராதியில் உண்டு, ஆனால் பிள்ளைகளுக்கு அது ‘தகதிமி’தான். வாசியும் சிவாவும் பழைய செல்வம். மூச்சைக் குறிக்கும் வாசியை இடைவிடாமல் சொல்லிக்கொண்டே போனால் சிவா என்று கேட்கும் என்பது சித்தர் மரபில் நெடுநாளாகச் சொல்லப்படுவது. வைகையைத் திருப்பினால் ‘கைவை’ வருகிறது. அதை ஒரே சொல்லாக எடுப்பதா, ‘கை வை’ என்று இரண்டாகப் பிரிப்பதா என்ற கேள்வி இருப்பதால் பட்டியலின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கடன்வாங்கிய சொற்களை அனுமதித்தால் ட, ல வரிசைக் கதவும் திறக்கும்: டிவியைத் திருப்பினால் விடி, மாலாவைத் திருப்பினால் லாமா.

பெயர்களை முதலில் ஒதுக்கியிருந்தேன். கோவையைத் திருப்பினால் வைகோ வந்ததும், திமுகவைத் திருப்பினால் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி வந்ததும் மனம் இளகிவிட்டது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் என்று தனி அட்டைக்கட்டு ஒன்று போட்டுவிட்டேன். நம் பக்கத்து ஊர்களில் ஏதாவது தேறுமா என்று பிள்ளைகள் முயன்றார்கள். பேராக், ஜொகூர், கிள்ளான் எல்லாம் புள்ளியில் முடிகின்றன, முதல் பார்வையிலேயே கழிந்துவிடும். ஈப்போ உயிரில் தொடங்குகிறது. விதியைச் சொல்லிக்கொடுத்த பிறகு அவர்களே ஊர்ப் பலகைகளைப் பார்த்து “இது ஆகாது சார்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

காதால் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கனாவைத் திருப்பினால் ‘நாக’ என்று ஒருத்தி கையைத் தூக்கினாள். ஒலிக்குப் பொருந்துகிறது, எழுத்துக்குப் பொருந்தவில்லை. வருவது ‘னாக’. றன்னகரமும் தந்நகரமும் வேறு வேறு எழுத்து, எனவே ஏற்கவில்லை. இதற்கு நேர்மாறான நன்மையும் நமக்கு உண்டு. ‘திருகு’வின் கடைசி எழுத்தை மெலிதாக ஒலிக்கிறோம், ‘குருதி’யின் முதல் எழுத்தை வலிதாக ஒலிக்கிறோம். எழுத்து ஒன்றுதான். ‘சாவி’யின் சகரத்துக்கும் ‘விசா’வின் சகரத்துக்கும் இடையிலும் இப்படி ஒரு வித்தியாசத்தைப் பலர் நாக்கில் கேட்கலாம். இடத்துக்கு ஏற்ப ஒலி மாறினாலும் எழுத்து மாறாத இந்த வசதி இல்லாவிட்டால் என் பட்டியலில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். வாட்ஸ்அப்பில் ரூமி எழுத்தால் தமிழ் தட்டிப் பழகிய பெரிய பிள்ளைகளுக்கு இதுதான் கடைசி வரை பிடிபடவில்லை. அவர்கள் தட்டும் வடிவத்தில் திருகு ஒருபோதும் குருதியாகாது. அட்டையில் எழுதிக் கையால் இடம் மாற்றிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

சரி, உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணுவதுதான் முறையா, உடைத்துப் பார்க்கக் கூடாதா? நான் உடைக்காத பக்கம். நம் முன்னோர் மாலைமாற்று பாடியபோதும் உயிர்மெய்யை முழு எழுத்தாகவே வைத்தார்கள். திருஞானசம்பந்தரின் ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்ற அடியைப் பாருங்கள், ஒரு புள்ளி எழுத்துகூட இல்லை. இரு பக்கமும் ஓட வேண்டிய வரியில் புள்ளி எவ்வளவு பெரிய சுமை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அந்தப் பையனின் அம்மாவும் கிழங்கும் நியாயமான கேள்வியை எழுப்பியதால் உடைத்தும் பார்த்தேன். ‘து’ என்பதைத் த், உ என்று பிரிக்க வேண்டும். வெறும் ‘த’ என்றால் த், அ. இப்படிப் பிரித்தபின் ‘இது’ என்பது இ, த், உ. திருப்பினால் உ, த், இ. ‘உதி’! அதே வழியில் இரு, உரி ஆகிறது. இறு, பானை தொங்கவிடும் உறி ஆகிறது. யாம் என்பது ய், ஆ, ம், கவிழ்த்தால் மாய். முதல் முறையில் உயிரில் தொடங்குவதும் புள்ளியில் முடிவதும் தடையாக இருந்தன, இங்கே அவைதான் வழிவிடுகின்றன. இரண்டு முறையிலும் தேறும் ஜோடிகளைத் தேடினால் கிடைப்பது அரிது, ஏனென்றால் ஒன்றின் கதவு மற்றதன் சுவர். அதனால் இரண்டு பட்டியலையும் கலக்கவில்லை. உடைத்த பட்டியலுக்கு வேறு நிற அட்டை. சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதில்லை, உயிர்மெய் அட்டவணை மனத்தில் நன்றாகப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான்.

இப்போது அட்டையின் ஒரு பக்கம் சொல், மறு பக்கம் வெறுமை. எழுத்துகளைத் திருப்பி அடுக்கியவர், கிடைத்த இரு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டும். ‘சாவி தொலைந்ததால் விசா இருந்த பெட்டியைத் திறக்க முடியவில்லை’ என்று ஒருத்தி உடனே எழுதிவிட்டாள். ‘சைவ’த்துக்கும் ‘வசை’க்கும் வாக்கியம் அமைக்கத்தான் எல்லாருக்கும் நேரம் பிடிக்கிறது. வாக்கியத்தில் உட்கார மறுக்கும் ஜோடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

நான்கெழுத்தில் மனத்துக்கு நிறைவான ஜோடி இன்னும் அகப்படவில்லை. சொல் நீள நீள உள்ளே ஒரு புள்ளி எழுத்து வந்து குந்திவிடுகிறது. அதை ஈடுகட்ட, அகராதித் தலைப்பை விட்டுவிட்டு ஓடும் உரைநடையிலிருந்து சொற்களை வடித்து, புள்ளியே இல்லாத நான்கெழுத்துச் சொற்களை மட்டும் தனிக்கோப்பாக எடுத்து வைத்திருக்கிறேன். வரும் பள்ளி விடுமுறையில் அதன்மேல் அதே நிரலை ஓட்டவேண்டும்.